90 நாள் கிரெடிட்னு பிஓ-ல இருந்தாலும் வட்டி கேட்கலாம்

கேள்வி: பெரிய கம்பெனிக்கு சப்ளை பண்றேன், பேமெண்ட் மாசக்கணக்கா இழுக்குறாங்க. பர்ச்சேஸ் ஆர்டர், அதான் பிஓ-லயே 90 நாள்னு போட்டிருக்காங்க, வட்டி கேட்க முடியுமா?

கேட்கலாம். சிறு தொழில்களுக்கான உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் சப்ளைக்கு முன்னாடியே எடுத்திருக்கணும், மைக்ரோ இல்லனா ஸ்மால் யூனிட்டா இருக்கணும். வாங்கி விக்கிற டிரேடருக்கு இது பொருந்தாது. 2006 எம்எஸ்எம்இடி சட்டப்படி பிஓ-ல என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏத்துக்கிட்ட நாள்லேர்ந்து 45 நாள்தான் உச்சவரம்பு, எழுத்துல ஒண்ணுமே இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் பேங்க் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி.

எனக்கு பேரணாம்பட்டு பக்கத்துல இன்சோல் கட்டிங் யூனிட். 2023 ஏப்ரல் 3 அன்னைக்கு 4 லட்சத்துக்கு ஒரு ஷூ கம்பெனிக்கு சரக்கு இறக்கினோம். மே 18 கெடு. பணம் வந்தது 2024 மார்ச் 18, அசல் மட்டும். அதுவும் என் மேல இரக்கப்பட்டு இல்ல, அந்த வருஷத்துலேர்ந்து 43பி(எச்)னு வருமான வரி விதி வந்துச்சு, எங்கள மாதிரி யூனிட்டுக்கு கெடு தாண்டின பாக்கி மார்ச் 31-ல நின்னா அதை அந்த வருஷச் செலவுல கழிக்க முடியாது. அப்போ பேங்க் ரேட் 6.75, மூணு மடங்கு 20.25, மாசத்துக்கு 1.6875 சதவீதம். பத்து மாசத்துக்கு 72,860 ரூபா சொச்சம் வருது.

வட்டி கேட்டப்ப அவங்க அக்கவுண்ட்ஸ்ல என்ன சொன்னாங்கன்னா, “சரக்கு வரவு ரசீது, ஜிஆர்என் போட்டதே ஏப்ரல் கடைசியில, தரம் பார்க்கிற க்யூசி முடிஞ்ச தேதியிலேர்ந்துதான் எண்ணணும்.” இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சரக்கு இறக்கின 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் வரலைன்னா, இறக்கின நாளே ஏத்துக்கிட்ட நாள். என் டெலிவரி சலான்ல அவங்க கேட் செக்யூரிட்டி சீல், உள்ள வந்த நேரம், கையெழுத்து மூணும் இருந்துச்சு. அந்த ஒரு காகிதம்தான் காப்பாத்துச்சு. அசல் அனுப்புறப்ப “முழு பாக்கியும் பெற்றுக்கொண்டோம்”னு ஒரு லெட்டர்ல கையெழுத்து கேட்டாங்க, நான் போடல, வட்டி பாக்கின்னு பதில் மெயில் போட்டுட்டு samadhaan.msme.gov.in-ல பதிஞ்சேன். அந்தப் புகார் மாநில எம்எஸ்எம்இ ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும், அங்க முதல்ல சமரசம், முடியலைன்னா ஆர்பிட்ரேஷன். சமரசத்துலயே சலானைப் பார்த்துட்டு வட்டியைக் கொடுத்துட்டாங்க. ஆர்டர் வரை போயிருந்தா, அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக அவங்க 75 சதவீதம் டெபாசிட் கட்டணும், அது அவங்களுக்கும் தெரியும்.

“வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் போயிடும், இவனுக்குப் பேச ஈஸி”ன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க. எனக்கும் அந்த ஆர்டர் போச்சுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த பத்து மாசமும் பேங்க்ல ஓவர்டிராஃப்ட் வட்டியை நான் கட்டினேன், கூலி சனிக்கிழமை தவறாம கொடுத்தேன்.

இதுல ஜிஎஸ்டி வேற. கம்பெனி நமக்குக் காசே தரல, ஆனா பில் போட்ட அடுத்த மாசம் 20-ந்தேதி நாம வரியைக் கட்டியே ஆகணும், லேட்டானா அதுக்கும் 18 சதவீதம் வட்டி. நம்மகிட்ட மட்டும் யாரும் ஜிஆர்என் தேதி கேட்கிறதில்ல.