கடைக்காரருக்குத் தங்கிலீஷில் மெசேஜ் அனுப்பலாமா?

"கொடைக்கானல் பூண்டு வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்பும்போது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் சரியா?"

தங்கிலீஷ் என்று இங்கே சொல்வது, பேசுவது தமிழாகவும் எழுத்து ஆங்கிலமாகவும் இருக்கும் மெசேஜை. அவரே அப்படித்தான் பதில் போடுகிறார் என்றால் நீங்களும் தாராளமாகப் போடலாம். "kadai irukka?", "panam anuppiten" போன்றவை யாருக்கும் புரியும்.

அளவும் நாளும் வரும்போதுதான் சிக்கல். ஆங்கில எழுத்தில் குறில், நெடில் தெரியாது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். மலைப்பூண்டு அரை கிலோ கேட்க நினைத்து "ara kilo" என்று அனுப்புகிறீர்கள். ஆறு கிலோ கேட்பவர் "aru kilo" என்பார். வித்தியாசம் கடைசி எழுத்து ஒன்றுதான். மூட்டை கட்டும் அவசரத்தில் அதை யார் கவனிப்பார்? மருத்துவர் கையெழுத்து மாதிரிதான்: பழகிய மருந்துக்கடைக்காரர் படித்துவிடுவார், புதியவர் ஊகிப்பார். அதனால் "மலைப்பூண்டு 500 கிராம், சனிக்கிழமை காலை" என்று தமிழில், அளவை எண்ணில் எழுதுங்கள். முகவரிக்கும் புகாருக்கும் இதேதான்.

இன்னொன்று, பழைய ஆர்டரைத் தேடுவது. ஒருவர் poondu என்பார், இன்னொருவர் pundu என்பார். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. "பூண்டு" என்றால் எல்லோருக்கும் ஒரே எழுத்து.

அவருக்குப் படிப்பதே சிரமம் என்றால் வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். அப்போதும் அளவைத் தனியாக எண்ணில் அனுப்பிவிடுங்கள்.

தமிழில் அனுப்பத் தமிழ் விசைப்பலகை பழக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கூகுளின் Gboard விசைப்பலகைச் செயலியில் தமிழைச் சேர்த்து ஆங்கில எழுத்து வழியைத் தேர்ந்தால் poondu என்று தட்டினாலே பூண்டு வந்துவிடும்.