வாடகை வேணாம்னு சொல்லிட்டு பின்னாடி கேட்டா?

"ஓனர் பாதி வாடகை போதும்னு சொன்னார், இப்ப மீதியையும் சேத்து கேக்குறார், கேக்க முடியுமா?"

பொதுவா முடியாதுங்க. ஒருத்தர் தெளிவா வாக்கு குடுத்து, அதை நம்பி நீங்க காரியத்துல இறங்கிட்டா, பழைய உரிமையைக் காட்டி அவர் பின்வாங்குறது அநியாயம்னு கோர்ட் தடுக்கும், இதுதான் ப்ராமிசரி எஸ்டாப்பல். பக்கத்து வயக்காரர் "என் மொறைத் தண்ணிய நீயே பாய்ச்சிக்க"ன்னு சொல்லி, நீங்க நாத்து நட்டப்புறம் மடைய அடைச்சா எப்படியோ அப்படித்தான்.

உதாரணத்துக்கு மன்னார்குடியில ஒரு கடை, வாடகை 8,000, 2018 கஜா புயல்ல கூரை போயிடுச்சு, ஓனர் "மூணு மாசம் பாதி குடு"ன்னு வாட்ஸப்ல அனுப்பறார், அதை நம்பி கடைக்காரர் காலி பண்ணாம மிச்சப் பணத்த சரக்குல போட்டுட்டார். அப்புறம் 12,000 பாக்கின்னு கேட்டா நிக்காது. நம்ம ஒப்பந்தச் சட்டம் 63-வது பிரிவே, வர வேண்டியதைத் தள்ளுபடி பண்ணவும் கெடுவை நீட்டவும் அனுமதிக்குது, அதுக்குப் பதிலுக்கு எதுவும் குடுத்திருக்கணும்னு கூட இல்ல. ஆனா "பாத்துக்கலாம் தம்பி"ங்கிற பேச்செல்லாம் வாக்கு ஆகாது, அந்த மெசேஜ அழிச்சிடாதீங்க.

நெறைய பேர் இனிமே எப்பவும் பாதி வாடகைதான்னு நினைச்சுக்கறாங்க, அது தப்பு. 1947-ல இங்கிலாந்துல ஹை ட்ரீஸ் வழக்குலயே, போர்க்காலத்துக்குக் கொறச்ச வாடகை அந்த நெலம மாறினதும் முழுசா திரும்பிடுச்சு, அதனால நாலாவது மாசம் 8,000 குடுத்துத்தான் ஆகணும்.