‘பச்சை’ என்று மட்டும் சொன்னால் போதாது

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறேன். பாலராமபுரம் செட்டு முண்டுக்குக் கரும்பச்சை ஜாக்கெட் துணி வேண்டுமென்று போனில் சொல்லி இரண்டு முறை வாங்கினேன். இரண்டுமே ஒட்டவில்லை. நிறத்தை எப்படித்தான் சொல்வது?

கரும்பச்சை என்பது ஒரே நிறமல்ல. அதற்குள் நீலம் கலந்த பச்சையும் இருக்கிறது, மஞ்சள் கலந்த பச்சையும் இருக்கிறது. இந்த உள்கலப்பையே அடிச்சாயல் என்கிறோம். தனியாகப் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடாத அடிச்சாயல், இரண்டு பச்சைத் துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் தெரிந்துவிடும். வெளுக்காத நூலில் நெய்த உங்கள் முண்டின் தந்த நிறத்திலும், பொன்னிறக் கசவிலும் மஞ்சள் சாயலே இருப்பதால், முற்றிய மாவிலையைப் போன்ற மஞ்சள் கலந்த பச்சை அவற்றோடு இசைந்து நிற்கும். நீலம் கலந்த பச்சையை வைத்தால் முண்டு பழுப்பேறியது போலத் தோன்றும். உங்களுக்கு ஒட்டாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இங்கே ஒரு விலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும். முண்டு பழையதாக இருந்து, துவைக்கும்போதெல்லாம் சொட்டு நீலம் போட்டிருந்தால், அந்தத் தந்த நிறம் மெல்ல மெல்ல நீலச் சாயல் கொண்ட வெள்ளையாக மாறியிருக்கும். வீட்டு வராந்தாவில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், முண்டின் ஓரத்தை ஒரு வெள்ளைத் தாள்மேல் விரித்துப் பாருங்கள். தாளைவிட மஞ்சளாகத் தெரிந்தால் நான் மேலே சொன்னது பொருந்தும். தாளைப் போலவே குளிர்ந்த வெள்ளையாகத் தெரிந்தால், மாவிலைப் பச்சையை விட்டுவிட்டு நீலம் கலந்த பச்சையையே கேளுங்கள். கசவு வெள்ளி நிறமாக இருந்தாலும் அப்படியே.

அடுத்தது வேற்றுமை, அதாவது இரண்டு துணிகளுக்கும் உள்ள வெளிர்ப்பு, அடர்த்தி வித்தியாசம். இரண்டையும் சேர்த்துக் கைபேசியில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒன்று வெளுப்பாகவும் மற்றது ஏறக்குறையக் கறுப்பாகவும் தெரிந்தால் வேற்றுமை வலுவானது. இரண்டும் சாம்பலாகத் தெரிந்தால் மென்மையானது.

ஆகவே கடையில், “தந்த நிற முண்டு, பொன் கசவு, அதற்கு மஞ்சள் சாயலுள்ள, அடர்ந்த, பளபளக்காத பச்சை, முண்டோடு வலுவான வேற்றுமை வேண்டும்” என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கமிஷனுக்கு விற்கும் இடைத்தரகர்களை மட்டும் நம்பாதீர்கள். விளக்கொளியில் எடுத்து, நிறத்தைக் கூட்டி அனுப்பும் அந்தப் படத்தில் அடிச்சாயல் தெரியவே தெரியாது. வெட்டிய துணியைத் திரும்பவும் வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு மில்லும் தன் நிற அட்டைக்குத் தனித்தனி எண் போட்டுக்கொள்வதும், பில்லில் வெறுமனே ‘ஜாக்கெட் பிட்’ என்று எழுதுவதும் இத்தனை ஆண்டுகளாகியும் மாறாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. முண்டையே கையில் எடுத்துக்கொண்டு பகலில் போய், துணியை வெட்டச் சொல்வதற்கு முன் இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.