டொலுயீனில் கரைந்த ஆக்சிஜனை முழுமையாக நீக்குவது எப்படி?

"நைட்ரஜனை 20 நிமிடம் குமிழவிட்ட பிறகும் என் பல்லேடியம் வினைக்கலவை கறுத்துவிடுகிறது. என்ன செய்வது?"

முதலில் ஊசியின் நுனியைப் பாருங்கள்: அது கரைப்பானின் அடிவரை செல்லாமல் மேற்பரப்புக்கு மேல் நின்றால், எத்தனை நிமிடம் விட்டாலும் கரைந்த ஆக்சிஜன் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஊசி சரியாக இருந்தும் கறுத்தால், உறைய வைத்து, வெற்றிடமாக்கி, உருக்கும் முறைக்கு மாறுங்கள். 50 மி.லி. ஷ்லெங்க் குடுவையில் 20 மி.லி. டொலுயீனை எடுத்து, வால்வை மூடிய பின்னரே திரவ நைட்ரஜனில் இறக்குங்கள்; திறந்திருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே வெளிர்நீலத் திரவமாகச் சேரும், கரிமக் கரைப்பானோடு அது வெடிக்கக்கூடியது. முழுவதும் உறைந்ததும் சில நிமிடம் வெற்றிடப் பம்புக்குத் திறந்து, மீண்டும் மூடி, வெதுவெதுப்பான நீரில் உருக்குங்கள். உருகும்போது குமிழிகள் எழுவதைக் காண்பீர்கள். வழக்கமாக 3 சுற்றுகளில் அவை நின்றுவிடும், நிற்காவிட்டால் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசியில் அறை வெப்பநிலையில் நைட்ரஜனை நிரப்புங்கள்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் குளிர்ந்த குடுவையின் மேல் உடனே பனி படியும் என்பதால், அது உருகி வழியும் நீரை மூடியைச் சுற்றி நன்றாகத் துடைக்காமல் குடுவையைத் திறக்காதீர்கள்.