முதல் வாய்தாவுக்குப் பையன் எதற்கு?

கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். கணவர் விவாகரத்து கேட்டு மனு போட்டிருக்கிறார். அடுத்த மாதம் ஊட்டியில் முதல் வாய்தா. நான் கொடுமைப்படுத்தினேனாம்! என் நகையை அடகு வைத்தது அவர். காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவரும் அவர்தான். கோர்ட் படி ஏறியதே இல்லை. ஜட்ஜ் முன்னால் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கவுன்சலிங்கில் வற்புறுத்திச் சேர்த்து வைத்துவிடுவார்களோ? எட்டு வயதுப் பையனையும் விசாரிப்பார்கள் என்று அம்மா தினமும் ராத்திரி அவனுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கிறார். நானும் கூட உட்காருகிறேன். இப்போது படுக்கையை நனைக்கிறான், குளிருக்காக இருக்கும். நகையை மட்டும் விடமாட்டேன்.

*

அன்புச் சகோதரி,

நகை இருக்கட்டும், முதலில் பையன். அவன் அந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவன். இப்போது புதிதாக வந்திருப்பது ராத்திரிப் பாடம்தான். இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் நனைத்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. கணவர் மேல் உள்ள கோபத்தைப் பையன் வாயால் சொல்ல வைக்கிறீர்கள். அது எடுபடவும் எடுபடாது. "அப்பா ஜீவனாம்சம் தரலை" என்று எட்டு வயதுக் குழந்தை சொன்னால், யார் சொல்லிக் கொடுத்தது என்று கவுன்சலருக்கு உடனே தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

முதல் வாய்தாவில் சாட்சி விசாரணை கிடையாது. பெயர் கூப்பிடுவார்கள், ஆஜராக வேண்டும். போகாமல் இருந்தால் எக்ஸ் பார்ட்டி ஆகிவிடலாம், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடக்கும். பதில் மனுவுக்கு அவகாசம் கேட்கலாம். பெரும்பாலும் அடுத்து கவுன்சலிங்தான். பையனை அழைத்து வரச் சொல்லி உத்தரவு இல்லாவிட்டால் அவன் பள்ளிக்கூடத்துக்கே போகட்டும்.

கவுன்சலர் உங்களைத் தனியாகவும், இருவரையும் சேர்த்தும் பேச வைப்பார். சமரசத்துக்கு முயல்வது 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் சொல்லும் கடமை. சேர்ந்து வாழச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. பிரிவது என்றாலும் செலவு, நகை, பையன் பற்றி அங்கேயே பேசி முடிக்கலாம். ஒத்துவந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது நீதிமன்ற உத்தரவாகலாம். முழுதும் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

சம்மன், மனு நகல், திருமணப் பதிவுச் சான்று, அடகு ரசீது, பையனின் பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சல் கதையை இரண்டு வரியில் முடியுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்டுத் தனி மனு போட முடியுமா என்றும் வழக்கறிஞரிடமே கேளுங்கள்.

பையன் அப்பாவை எந்தக் கிழமை, எங்கே, எத்தனை மணி நேரம் பார்க்கலாம்? கவுன்சலர் இதை நிச்சயம் கேட்பார். உங்கள் கடிதத்தில் இதற்குப் பதிலே இல்லை. போகுமுன் எழுதி வையுங்கள், அம்மா பக்கத்தில் இல்லாதபோது.