போர்டு மீட்டிங் நோட்டீஸ்: ஏழு நாளை எப்படி எண்ணுவது, அஜெண்டாவில் என்ன எழுதுவது

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் நான்கு டைரக்டர்கள். ஒருவர் துபாயில் இருக்கிறார். போர்டு மீட்டிங் நோட்டீஸ் எப்படி எழுதுவது, எத்தனை நாள் முன்னால் அனுப்ப வேண்டும், எத்தனை பேர் வந்தால் கோரம்? ஒரு டைரக்டரின் மனைவி பெயரில் இருக்கும் கிடங்கை வாடகைக்கு எடுக்கும் விஷயமும் இருக்கிறது.

பதில்:

முதலில் துபாய்க்காரர். அவருக்கும் நோட்டீஸ் கட்டாயம் போக வேண்டும். "அவர் எப்படியும் வரமாட்டார்" என்று விட்டுவிடுவதுதான் சின்னக் கம்பெனிகளில் அதிகம் நடக்கும் தவறு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 173(3) பிரிவு ஒவ்வொரு டைரக்டருக்கும் என்றுதான் சொல்கிறது. ஊரில் இல்லாதவருக்கு விலக்கு இல்லை. பரமேஸ்வரி பிரசாத் குப்தா வழக்கில் (1973) உச்ச நீதிமன்றம், எல்லா டைரக்டருக்கும் நோட்டீஸ் தராமல் கூடிய போர்டின் தீர்மானம் செல்லாது என்றது. அந்த வழக்கில் பிறகு முறைப்படி கூடிய போர்டு அதே முடிவை ஏற்று உறுதி செய்திருந்ததால் கம்பெனி தப்பித்தது. நோட்டீஸ் தர வேண்டிய பொறுப்பில் இருப்பவர் தராமல் விட்டால் அவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அடுத்தது நாள் கணக்கு. சட்டம் கேட்பது குறைந்தது ஏழு நாள். அனுப்பும் நாளையும் மீட்டிங் நாளையும் விட்டுவிட்டு நடுவில் ஏழு நாள் இருக்கும்படி எண்ணுவதுதான் பாதுகாப்பு. ஒரு தேதியை வைத்தே பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை மீட்டிங் என்றால் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை ஏழு நாள். ஆகவே ஜூலை 31-க்குள் மெயில் போயிருக்க வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனத்தின் எஸ்.எஸ்-1 தரநிலைப்படி இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்; அப்போது ஜூலை 29. உங்கள் ஆர்ட்டிகிள்ஸில் பத்து நாள் என்று எழுதியிருந்தால் பத்து நாள்தான், அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மெயில் போக வேண்டியது கம்பெனியில் பதிவான முகவரிக்கு. வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நினைவூட்டலாக வைத்துக்கொள்ளுங்கள், அதையே நோட்டீஸாக நம்ப வேண்டாம்.

தேதியைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். இரண்டு மீட்டிங்குக்கு இடையில் 120 நாளுக்கு மேல் போகக்கூடாது. முந்தைய மீட்டிங் ஏப்ரல் 12 என்றால் ஆகஸ்ட் 10-தான் கடைசி நாள். (சட்டப்படி சிறு கம்பெனியாக இருந்தால் இந்த 120 கிடையாது. அரையாண்டுக்கு ஒரு மீட்டிங், இடைவெளி 90 நாளுக்குக் குறையாமல், அவ்வளவுதான்.) ஆகஸ்ட் 8 அன்று கோரம் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீட்டிங் தானாகவே அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும். ஆனால் அது ஆகஸ்ட் 15, தேசிய விடுமுறை. எனவே 16-ஆம் தேதி சனிக்கிழமை. அன்று கிருஷ்ண ஜெயந்தி, அரசு விடுமுறை. ஆனாலும் தேசிய விடுமுறை இல்லை என்பதால் மீட்டிங் நின்றுவிடாது! அன்றும் ஆள் சேரவில்லையென்றால் அந்த மீட்டிங்கே ரத்து. 120 நாளும் தாண்டியிருக்கும்.

கோரம் என்பது மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அது. பின்னம் வந்தால் மேலே ஏற்றி முழு எண்ணாக்க வேண்டும். நான்கு பேருக்கு 1.33 வரும், அதை இரண்டாக எடுத்துக்கொண்டால் உங்களுக்கு இரண்டு பேர் போதும். ஏழு பேர் இருந்தால் மூன்று. துபாயிலிருந்து வீடியோவில் சேருபவரும் கோரத்தில் சேர்த்தி. அதனால் வீடியோ வழியும் உண்டு என்று நோட்டீஸிலேயே எழுதி, அப்படி வர நினைப்பவர் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள்.

இப்போது கிடங்கு. இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் கிடங்குக்காரரின் கணவர் என்றால் சிக்கல் அங்கேதான். பிரைவேட் கம்பெனிக்குச் சலுகை உண்டு. தன் சம்பந்தத்தைச் சொல்லிவிட்டு அவரும் பேச்சில் கலந்துகொள்ளலாம் என்பார்கள். ஆண்டுக் கணக்கும் ரிட்டர்னும் ஆர்.ஓ.சி.யில் பாக்கி இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. அதோடு, உறவினர் ஒப்பந்தங்களுக்கான விதி 15, சம்பந்தப்பட்ட டைரக்டர் அந்த விஷயம் பேசும்போது அறையில் இருக்கக்கூடாது என்கிறது. கோரம் ஒவ்வொரு விஷயத்துக்கும் வேண்டும், ஆரம்பத்தில் மட்டும் இருந்தால் போதாது. என் யோசனை: அவரை அந்த ஒரு விஷயத்துக்கு வெளியே அனுப்பிவிடுங்கள், மற்ற மூவரில் குறைந்தது இருவர் வருவதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

நோட்டீஸ் இந்த அளவு இருந்தால் போதும்:

"……… பிரைவேட் லிமிடெட். 2025-26-இன் 2-ஆவது போர்டு மீட்டிங் 08.08.2025, வெள்ளி, மாலை 4 மணிக்கு, பதிவு அலுவலகத்தில் (முழு முகவரி) நடைபெறும். வீடியோ வழியாகவும் பங்கேற்கலாம். அப்படிப் பங்கேற்க விரும்புவோர் 05.08.2025-க்குள் தெரிவிக்கவும்.
அஜெண்டா:
1. வராதவர்களின் விடுப்புக் கோரிக்கை
2. முந்தைய மீட்டிங் மினிட்ஸ்
3. டைரக்டர் திரு. ……… அவர்களின் மனைவிக்குச் சொந்தமான கிடங்கை மாதம் ரூ. ……… வாடகையில் 3 ஆண்டுக்கு எடுப்பது (குறிப்பும் வரைவுத் தீர்மானமும் இணைப்பில்)
4. வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவோர் மாற்றம்
தேதி, இடம், நோட்டீஸ் தருபவர் பெயர், பதவி, கையெழுத்து."

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். "கிடங்கு வாடகை" என்று இரண்டு வார்த்தையில் முடித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. உறவு என்ன, வாடகை எவ்வளவு, எத்தனை காலம், முன்பணம் உண்டா, அந்த வாடகையை எப்படி முடிவு செய்தீர்கள் என்பதெல்லாம் இணைப்புக் குறிப்பில் வர வேண்டும். அக்கம்பக்கத்துக் கிடங்குகளின் வாடகை தெரிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

"தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்று கடைசியில் ஒரு வரி போட்டு, அதில் பெரிய முடிவை நுழைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அஜெண்டாவில் இல்லாததை எடுக்கத் தலைவர் அனுமதியும், வந்தவர்களில் பெரும்பான்மையின் சம்மதமும் வேண்டும். அப்படி எடுத்த முடிவும் கம்பெனியின் மொத்த டைரக்டர்களில் பெரும்பான்மை ஏற்றால்தான் இறுதியாகும். உங்கள் கணக்கில் அது மூன்று பேர். மீட்டிங்கில் இரண்டு பேர் மட்டும் இருந்து "சரி" சொல்லியிருந்தால், மூன்றாமவரின் ஒப்புதல் வரும்வரை அது தொங்கலில்தான்.

அனுப்பிய மெயிலையும் சேர்ந்ததற்கான சான்றையும் மீட்டிங் நாளிலிருந்து குறைந்தது மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மெயிலை யாருடைய சொந்தக் கணக்கிலிருந்தும் அனுப்பாமல் கம்பெனி கணக்கிலிருந்து அனுப்புங்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் சான்றும் அவரோடு போய்விடும்.