பருத்தியில் பட்டின் மினுமினுப்பு: காஸ்டிக் தொட்டியும் கத்தரிக்கோலும்

"என்னிடம் 10 மீட்டர் சாதாரண வெள்ளைப் பருத்தித் துணி இருக்கிறது. அகலம் 110 செ.மீ., மொத்த எடை 1.3 கிலோ. மேடைக்கு ஒரு நீளப் பாவாடை தைக்க வேண்டும்; தூரத்திலிருந்து பார்த்தால் பட்டு மாதிரி மின்ன வேண்டும், மடிப்புகள் நீளமாக வழிய வேண்டும். ஒருவர் 'மெர்சரைஸ் செய்து தருகிறேன்' என்கிறார். காஸ்டிக் சோடா வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?"

வீட்டில் வேண்டவே வேண்டாம். மெர்சரைஸ் என்றால் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து மினுமினுப்பாக்குவது; அதற்கு 20 முதல் 25 சதவீதக் கரைசல் தேவை. அது ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலே பார்வை போகலாம். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டதும் கொதிக்கிற அளவு சூடேறும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தையே அரித்து, தீப்பிடிக்கும் வாயுவைக் கிளப்பும். இத்தனை ஆபத்தையும் தாண்டிச் செய்தாலும் உங்கள் துணி மின்னாது.

ஏன் என்றால், பளபளப்பைத் தருவது காஸ்டிக் மட்டும் இல்லை, இழுவையும் சேர்ந்துதான். பருத்தி இழை தட்டையான, முறுக்கிக்கொண்ட நாடா போன்றது. அதனால் அதன் மேல் விழும் ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. காஸ்டிக்கில் நனைந்ததும் இழை ஊதி உருண்டையாகிறது, கூடவே சுருங்கவும் பார்க்கிறது. அந்த நேரத்தில் துணியைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்து, பிடித்தபடியே அலசினால்தான் முறுக்கு விரிந்து இழை வழவழப்பான கம்பி போல நிற்கும். ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற முறையில் இந்த இழுவை இல்லை. துணி வலுவானது, சாயமும் நன்றாகப் பிடித்தது, பளபளப்பு மட்டும் வரவில்லை. சுமார் 40 ஆண்டுகள் கழித்து ஹோரஸ் லோ இழுத்துப் பிடித்துச் செய்த பிறகுதான் அது வந்தது. வாளியில் ஊறவைக்கிற துணியை யார் இழுத்துப் பிடிப்பது?

இனி அந்த ஒருவர் விஷயம். மினுமினுப்பு ஒரு வேலை, மடிப்பு வழிவது வேறு வேலை. இடைத்தரகர்கள் முதலாவதைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கொன்றுவிடுகிறார்கள். கஞ்சியோ மெழுகோ ஏற்றி, சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தாலும் துணி கண்ணாடி மாதிரி மின்னும். அதற்கும் 'மெர்சரைஸ்டு' என்றே பெயர் வைத்துவிடுவார்கள். அந்தத் துணியில் பாவாடை தைத்தால் அட்டைக் கூம்பு போல விறைத்து நிற்கும், முதல் சலவையில் மினுக்கும் போய்விடும். துணிச் சீட்டைப் பார்த்தும் பயனில்லை. '100% பருத்தி' என்று இருக்கும். அந்தப் பருத்திக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. வாங்குபவருக்கு வேண்டியதே அந்த ஒரு வரிதான். அதை எழுதவைக்க யாருக்கும் அக்கறை இல்லை.

ஆகவே சோதித்துப் பாருங்கள். அவரிடம் அரை மீட்டர் மட்டும் கொடுத்துச் செய்து வாங்குங்கள். அதைச் சோப்புப் போட்டு வெந்நீரில் மூன்று முறை துவைத்து, இஸ்திரி போடாமல் உலர்த்துங்கள். பிறகு உங்களிடம் இருக்கும் மூலத் துணியின் துண்டு ஒன்றையும் அதேபோல் துவைத்து, இதையும் சேர்த்து, பருத்திக்கான ஒரே சாயத் தொட்டியில் ஒரே நேரம் போட்டு எடுங்கள். உண்மையில் மெர்சரைஸ் செய்த துண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆழமான நிறம் பிடிக்கும். இரண்டும் ஒரே நிறத்தில் வந்தால் அவர் செய்தது வெறும் கஞ்சிதான்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் காசு கொடுத்து மெர்சரைஸ் செய்வது தகும்: துணி சாட்டின் நெசவாக இருந்தால். உங்களுடையதை நீங்களே பார்க்கலாம். ஒரு உருப்பெருக்கியை மேலே வையுங்கள். ஒரு இழை மேலே, அடுத்தது கீழே என்று பாய் முடைந்ததுபோல் இருந்தால் சாதா நெசவு. ஒரு இழை நாலைந்து இழைகளைத் தாண்டிப் போய் ஒருமுறை மட்டும் கீழே இறங்கினால் சாட்டின். அப்படித் தாண்டிப்போகும் இடத்தில் ஒளி தங்குதடையின்றி வழுக்குகிறது. அங்கே இழையும் வழவழப்பானால் பலன் இரட்டிப்பு. தாண்டுகிற இழை துணியின் ஒரு பக்கத்தில்தான் மேலே தெரியும் என்பதால் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குட்டை இழையில் நூற்ற பிசிறு நூலென்றால் சாட்டினும் மங்கலாகத்தான் இருக்கும். 'சாதாரணத் துணி' என்று நீங்கள் சொல்வதால் சாதா நெசவு என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மெர்சரைஸ் செலவு வீண்.

சாதா நெசவில் பட்டுத் தோற்றத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவருவது மடிப்புதான். முதலில் ஆலைக் கஞ்சியை எடுங்கள். 13 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் சலவைச் சோடா, ஒரு மேசைக்கரண்டி சலவைத்தூள் போட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். துணி சில சதவீதம் சுருங்கும். வெட்டும் முன்பே சுருங்கிவிடுவது நல்லது. சாயம் போடுவதானால் இப்போதே போடுங்கள். அடுத்து ஏற்றப்போகும் சிலிகான் படிந்த துணியில் சாயம் திட்டுத்திட்டாக விழும்.

பிறகு சிலிகான் மென்மையூட்டி. துணி எடையில் 3 சதவீதம், அதாவது சுமார் 40 கிராம். 13 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கால் டம்ளர் வெள்ளை வினிகருடன் கலந்து, 20 நிமிடம் துணியைப் புரட்டிக்கொண்டே இருங்கள். மறுபடி அலச வேண்டாம். அளவைக் கூட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு வரும், தையல் வழுக்கும்.

முக்கால்வாசி உலர்ந்ததும் நல்ல பக்கத்தின் மேலேயே, பருத்திக்கான முழுச் சூட்டில், துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு இழையின் திசையில் மட்டும் இழுத்து இஸ்திரி போடுங்கள். நூல் தட்டையாகி மிதமான மினுக்கு வரும். விளக்கொளிக்கு அது போதும். கஞ்சித் தெளிப்பான் பக்கம் போகாதீர்கள்.

வெட்டுவதுதான் உயிர். இடுப்பில் சுருக்கு வைத்தால் பருத்தி உப்பிக்கொள்ளும், மடிப்பு குட்டையாக உடையும். அதற்குப் பதில் கிராஸ் கட்டிங். 45 பாகையில் தொங்கவிட்டால் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் கத்தரிக்கோல் கால்கள் போல ஒன்றையொன்று சாய்ந்து நழுவும்; துணி தன் எடையில் நீண்டு வழியும். சலவைக்குப்பின் அகலம் 106 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 106 செ.மீ. சதுரமாக நாலு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மூலைவிட்டத்தை நடுக்கோடாக வைத்து, மேலே 20, கீழே 74, நீளம் 103 செ.மீ. கொண்ட ஒரு பேனல் கிடைக்கும். தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் 1.5 செ.மீ. விட்டதுபோக இடுப்பு 68, கீழ்ச்சுற்று 284 செ.மீ. வரும். செலவாவது சுமார் 4.25 மீட்டர்தான். மீதியில் ஒரு பேனலை முதலில் வெட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள்.

நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறும். அதனால் மிகக் குறுகிய ஜிக்ஜாக் தையல் போடுங்கள். இடுப்புப் பட்டி தைத்ததும் கீழ் ஓரத்தை மடிக்காமல் முழுசாக ஒரு நாள் தொங்கவிடுங்கள். கிராஸ் துணி இடத்துக்கு இடம் வெவ்வேறாக இறங்கும். மறுநாள் தரையிலிருந்து அளந்து சமன் செய்து, அரை செ.மீ. மட்டும் மடித்துத் தையுங்கள். அகலமாக மடித்தால் ஓரம் வளையம் போல விறைத்து, வழிந்துவரும் மடிப்பை அங்கேயே நிறுத்திவிடும். தைத்த பிறகு இஸ்திரிப் பெட்டியை நீளவாக்கில் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இல்லாவிட்டால் பேனல் கோணலாக இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் மினுக்கைத் திரும்பக் கொண்டுவர, ஈரம் இருக்கும்போதே இப்படி அழுத்த வேண்டியிருக்கும்.